எம்எஸ் ஷாஃப்ட் பிய்ந்து வருகிறதா? லேத்தில் வேகத்தையும் ஃபீடையும் அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

மைல்ட் ஸ்டீலைக் கடைவது சுலபம் என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் லேத்துக்கு வருகிறோம். வெட்டுவது சுலபம்தான். பினிஷ் எடுப்பதுதான் வம்பு. கார்பன் கொஞ்சம் கூடுதலாக உள்ள கம்பி கண்ணாடி மாதிரி வந்த அதே டூலில், அதே நாளில், எம்எஸ் கம்பியைப் போட்டால் பரப்பு மீன் செதில் போல் பிய்ந்து நிற்கும். எம்எஸ்ஸில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதனால் மென்மையானது, முறியும் முன் நன்றாக இழுபடும், டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி இந்த ஒட்டலில் இருந்து வருபவை.

அட்டவணையில் இருக்கும் எண் ஒரு தொடக்கம் மட்டும்தான். அங்கிருந்து வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா, ஃபீடைத் தொடுவதா வேண்டாமா என்பதை ஜாப்பும் சுருளும் டூல் முனையும் சொல்லிவிடும். எந்த அறிகுறிக்கு எதைத் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேகம், ஃபீடு, டூல் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு நன்றாக வந்தால், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த ஜாப்பில் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதலில் தொடக்க எண்

சக்கின் சுற்று வேகம் வேறு, வெட்டு வேகம் வேறு. வெட்டு வேகம் என்பது டூல் முனையைத் தாண்டி ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் உலோகம் ஓடுகிறது என்பது. ஒரே ஆர்பிஎம்மில் பெரிய விட்டம் வேகமாக ஓடும், சிறிய விட்டம் மெதுவாக ஓடும்.

```
N = 1000 × V / (π × D)
N ≈ 320 × V / D
```

N என்பது ஆர்பிஎம், V என்பது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர், D என்பது மில்லிமீட்டரில் விட்டம். இரண்டாவது வரி மனக்கணக்குக்கு. லேத்தின் முன் நின்றுகொண்டு π-யின் மதிப்பை எங்கே தேடுவது.

எச்எஸ்எஸ் டூலுக்கு எம்எஸ்ஸில் V 25 முதல் 30 வரை. பிரேஸ் செய்த கார்பைடு டூலுக்கு 80 முதல் 120 வரை. கோட்டிங் உள்ள இன்சர்ட் 150, 200 என்று மேலேயும் போகும், மெஷின் தாங்கினால். ஃபீடு, ரஃப் கட்டுக்கு ஒரு சுற்றுக்கு 0.2 முதல் 0.3 மிமீ; பினிஷ் கட்டுக்கு 0.08 முதல் 0.12 மிமீ.

40 மிமீ கம்பியை எடுத்துக்கொள்வோம். எச்எஸ்எஸ் என்றால் 320 × 28 / 40, அதாவது 224. நான் வேலை செய்யும் லேத்தின் பிளேட்டில் 138, 220, 355, 570, 910 என்று படிகள் இருக்கின்றன, ஆகவே 220. அதே கம்பிக்குக் கார்பைடு என்றால் 320 × 110 / 40, அதாவது 880, பிளேட்டில் 910. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிகுறி அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: பரப்பு பிய்ந்து, மங்கலாக, செதில் செதிலாக வருகிறது

எங்கள் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு தம்பி, 40 மிமீ கம்பியை 38-க்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். பிரேஸ் செய்த கார்பைடு டூல். ஃபீடு 0.1, வெட்டு ஆழம் அரை மில்லி. மறுமுனையில் சுழலும் சென்டர் கொடுத்துத் தாங்கியிருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பரப்பு மட்டும் மரத்தை வாளால் அறுத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, வேகத்தைக் குறைச்சுப் பார்த்தேன். இன்னும் மோசமாயிடுச்சு" என்றார்.

220-ல் ஓட்டியிருக்கிறார், பிறகு 138-க்கு இறக்கியிருக்கிறார். கணக்குப் போட்டால், 39 மிமீ விட்டத்தில் 220 ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு 27 மீட்டர். 138 என்பது 17 மீட்டர். ஏதாவது சரியில்லை என்றால் மெதுவாக ஓட்டு என்பதுதான் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எம்எஸ்ஸில், அதுவும் கார்பைடு டூலில், அந்த யோசனை நேர் எதிராக வேலை செய்யும்.

லேத்தை நிறுத்திவிட்டு டூல் முனையை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முனையின் மேல் ஒரு சாம்பல் நிறக் கட்டி, கடுகில் கால்வாசி இருக்கும், ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தள்ளினால் நகரவில்லை. அது டூல் இல்லை; கம்பியின் உலோகமே டூலில் வெல்டு ஆகி உட்கார்ந்திருக்கிறது. பில்ட்-அப் எட்ஜ் என்று சொல்வது இதைத்தான். வெட்டும்போது முனையில் இருக்கும் அழுத்தமும் சூடும் சேர்ந்து எம்எஸ்ஸைக் கார்பைடில் அப்பிவிடுகின்றன. அழுத்தப்பட்டு அழுத்தப்பட்டு அந்தக் கட்டி கம்பியைவிடக் கடினமாகிவிடும். அதன் பிறகு வெட்டுவது டூல் இல்லை, இந்தக் கட்டிதான். கட்டி வளரும், உடையும், உடைந்த துண்டில் ஒரு பாதி சுருளோடு போகும், மறு பாதி ஜாப்பின் பரப்பில் பதிந்துவிடும். இப்படி ஒரு நொடியில் பல தடவை நடக்கும். நீங்கள் பரப்பில் காணும் செதில்கள் அவைதான்.

லென்ஸ் கையில் இல்லையா? இரண்டு வேறு வழிகளில் உறுதிப்படுத்தலாம். ஒன்று, சுருளைத் திருப்பி, டூலில் உரசிய உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வெட்டில் அது மெருகேற்றியது போல் மின்னும். கட்டி இருந்தால் அங்கங்கே சொரசொரப்பாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். (ஆறிய சுருளை, கொறடால் பிடித்து. ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்.) இரண்டாவது, ஒரே பாஸில் வெட்டிய நீளத்தில் மூன்று இடங்களில் மைக்ரோமீட்டர் வையுங்கள். கட்டி டூல் முனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், நீங்கள் வைத்த அளவைவிட ஆழமாக வெட்டும். உடைந்ததும் மறுபடி பழைய ஆழம். அளவு ஒரு சீராக இல்லாமல், நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாகவும் அங்கங்கே மாறியும் இருந்தால், லேத்தின் பெட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் இதைச் சந்தேகப்படுங்கள்.

இந்தக் கட்டி எல்லா வேகத்திலும் வராது. மிக மெதுவாக வெட்டினால் ஒட்டுவதற்கான சூடு இல்லை. நல்ல வேகத்தில் வெட்டினால் சூடு அதிகமாகி, கட்டியே மென்மையாகி நிற்க முடியாமல் சுருளோடு போய்விடும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது: தோராயமாக நிமிடத்துக்கு 15 மீட்டரில் ஆரம்பித்து 60 வரை. 60-ஐத் தாண்டும்போது கட்டி குறையத் தொடங்கும். 80, 100 பக்கம் போனால் பெரும்பாலும் காணாமல் போய்விடும். ஃபீடு, டூல் கோணம், கூலண்ட் இவற்றைப் பொறுத்து இந்த எல்லைகள் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகரும்.

தம்பியின் 27 மீட்டரும் 17 மீட்டரும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தன. எச்எஸ்எஸ் டூலுக்கான எண்ணைக் கார்பைடுக்கு வைத்ததுதான் தவறு. டூல் உடையவில்லை, தீயவில்லை என்பதால் வேகம் தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து, ஃபீடையும் ஆழத்தையும் தொடாமல் வேகத்தை மட்டும் ஏற்றினோம். டூலில் ஒட்டிய கட்டியை முதலில் பித்தளைத் துண்டால் தட்டி எடுத்தோம். எடுக்கும்போது கார்பைடு முனையும் சில சமயம் சேர்ந்து பெயர்ந்து வரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 355-ல் வேகம் 43 மீட்டர்: பரப்பில் மாற்றம் எதுவும் இல்லை. 570-ல் 70 மீட்டர்: செதில்கள் குறைந்தன, நடுநடுவே பளபளப்பான பட்டைகள் தெரிந்தன. 910-ல் 111 மீட்டர்: சுருள் பழுப்பாகி நீலமாக வர ஆரம்பித்தது, பரப்பு பளிச்சென்று வந்துவிட்டது. தம்பி அந்த நீலத்தைப் பார்த்துப் பயந்து கையை ஆஃப் பட்டனுக்குக் கொண்டுபோனார். கார்பைடில் நீலச் சுருள் நல்ல அறிகுறி. சூடு ஜாப்புக்குப் போகாமல் சுருளோடு வெளியே போகிறது என்று அர்த்தம்.

910-க்கு ஏற்றும் முன் சக் எத்தனை ஆர்பிஎம் தாங்கும் என்று அதன் முகத்தில் குறித்திருப்பதைப் பாருங்கள். கம்பி வளைந்திருந்தாலோ, ஒருபக்கமாகக் கனத்திருந்தாலோ இந்த ஏற்றம் வேண்டாம். சுழலாத சென்டர் போட்டிருந்தால் அதுவும் தீய்ந்துவிடும்.

அறிகுறி: ஜாப்பில் ஒரு பகுதி பளிச், இன்னொரு பகுதி மங்கல்

அதே ஷாஃப்டில் கடைசியாக ஒரு படி, 12 மிமீ விட்டத்துக்கு. வேகம் 910-லேயே இருந்தது. 38 மிமீ பகுதி கண்ணாடி. 12 மிமீ பகுதி மறுபடியும் செதில். டூல் மொண்ணையாகிவிட்டது என்று மாற்றியும் பார்த்தாயிற்று.

12 மிமீ விட்டத்தில் 910 ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு 34 மீட்டர். ஆர்பிஎம் மாறவில்லை, ஆனால் வெட்டு வேகம் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. கார்பைடுக்குச் சரியான 110 மீட்டர் வேண்டுமென்றால் 2900 ஆர்பிஎம்முக்கு மேல் வேண்டும். சாதாரண சென்டர் லேத்தில் அது கிடையாது.

முகம் கடையும்போது இதையே இன்னும் அழகாகப் பார்க்கலாம். 40 மிமீ கம்பியின் முகத்தை 910-ல் வெளியிலிருந்து உள்ளே கடைந்து, நிறுத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளி வளையம் மின்னும், உள்ளே ஒரு மங்கல் வட்டம் இருக்கும். வெட்டு வேகம் 60 மீட்டருக்குக் கீழே இறங்குவது ஏறக்குறைய 21 மிமீ விட்டத்தில். மங்கலும் அந்தப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். பள்ளத்தின் வரைபடத்தையே ஜாப் வரைந்து காட்டுகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான். பத்து வாக்கியத்தில் சொல்வதைவிடச் சீக்கிரம் புரியும்.

சிஎன்சி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு விடை ஏற்கெனவே கன்ட்ரோலில் இருக்கிறது. விட்டம் குறையக் குறைய ஆர்பிஎம்மைத் தானே ஏற்றச் சொல்லலாம்:

```
G50 S2000
G96 S110
```

கீழ்வரி வெட்டு வேகத்தை 110 மீட்டரில் பிடித்து வைக்கும். மேல்வரி ஆர்பிஎம் 2000-ஐத் தாண்டாமல் தடுக்கும். சில கன்ட்ரோல்களில் G50-க்குப் பதில் G92 வரும். மேல்வரியை மறந்துவிட்டு முகம் கடைந்தால், டூல் மையத்தை நெருங்கும்போது ஸ்பின்டில் தன் உச்ச வேகத்துக்கு ஓடும். சக்கின் பிடி தளர்ந்து ஜாப் பறக்க அதுவே போதும்.

சாதாரண லேத்தில் வழி வேறு. மேலே ஏற முடியாவிட்டால் பள்ளத்தின் கீழ்க்கரைக்கு இறங்க வேண்டும். சின்ன விட்டத்துக்குக் கார்பைடை வைத்துவிட்டு எச்எஸ்எஸ் டூலை எடுங்கள். மேல்கோணத்தை, அதாவது ரேக் கோணத்தை, 15 டிகிரிக்குக் குறையாமல் கிரைண்டு செய்து, முனையை எண்ணெய்க் கல்லில் தேய்த்து நகத்தைச் சீவும் கூர்மைக்குக் கொண்டுவாருங்கள். கிரைண்டரில் இருந்து வந்த முனை கூராகத் தெரிந்தாலும் லென்ஸில் அரம் மாதிரி இருக்கும். எம்எஸ் அந்தப் பற்களில்தான் முதலில் ஒட்டும். அப்புறம் கட்டிங் ஆயில். தண்ணீரில் கலக்கும் கூலண்ட் சூட்டை நன்றாக எடுக்கும், ஒட்டலைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. மெதுவான வெட்டுக்குக் கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயிலை பிரஷ்ஷால் தடவுவதே மேல். வேகம் 10 மீட்டருக்கு அருகில் அல்லது கீழே, வெட்டு ஆழம் 0.1 முதல் 0.2, ஃபீடு 0.05 முதல் 0.08. 12 மிமீக்கு இது 270 ஆர்பிஎம்முக்குள் வரும். என் பிளேட்டில் 220. நேரம் பிடிக்கும். ஒரு சின்ன படிக்கு அந்த நேரம் கொடுக்கலாம்.

எச்எஸ்எஸ்ஸில் 28 மீட்டர் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதுவும் பள்ளத்துக்குள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அந்த எண் டூல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வைத்து வந்தது. பினிஷை வைத்து வந்ததில்லை. ரஃப் கட்டுக்கு 28-ல் ஓட்டுங்கள், பரப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பினிஷ் கட்டுக்கு இறங்கிவிடுங்கள், இல்லையென்றால் கார்பைடுக்கு மாறி மேலே ஏறுங்கள். கந்தகமோ ஈயமோ சேர்த்த ஃப்ரீ-கட்டிங் ஸ்டீல் கிடைத்தால் இந்தப் பாடு பாதியாகக் குறையும், ஆனால் அதை வெல்டு செய்வது சரிவராது. ஜாப்புக்குப் பிறகு வெல்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

அறிகுறி: எச்எஸ்எஸ் முனை சீக்கிரம் மழுங்குகிறது, கீச்சென்று சத்தம்

இங்கே குற்றவாளி பெரும்பாலும் வேகம்தான், இந்த முறை அதிகமான வேகம். 40 மிமீ கம்பிக்கு 220 வைத்திருந்தீர்கள். அடுத்த ஜாப் 60 மிமீ கம்பி, லீவரை மாற்ற மறந்துவிட்டீர்கள். வெட்டு வேகம் 28-ல் இருந்து 41-க்குப் போய்விட்டது. ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும்.

டூலின் ஆயுள் அப்படி நேர்க்கணக்கில் குறையாது. 1906-ல் ஃப்ரெடரிக் டெய்லர் பல்லாண்டு கடைசல் சோதனைகளுக்குப் பிறகு வெளியிட்ட தொடர்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

```
V × Tⁿ = C
```

T டூலின் ஆயுள், நிமிடத்தில். n என்பது எச்எஸ்எஸ்ஸுக்குச் சுமார் 0.125, கார்பைடுக்குச் சுமார் 0.25. இதைத் திருப்பிப் போட்டால், எச்எஸ்எஸ்ஸில் வேகத்தை 20 சதவீதம் ஏற்றினாலே ஆயுள் கால்வாசிக்கும் கீழே போய்விடும். ஒன்றரை மடங்கு ஏற்றினால் ஒரு மணி நேரம் ஓட வேண்டிய முனை மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கார்பைடு அவ்வளவு கோபக்காரன் இல்லை. 20 சதவீத ஏற்றத்துக்கு ஆயுள் பாதியாகும், அவ்வளவுதான்.

சுருளின் நிறத்தைப் பாருங்கள். எச்எஸ்எஸ்ஸில் எம்எஸ் சுருள் வெள்ளி நிறத்தில், அதிகம் போனால் லேசான வைக்கோல் நிறத்தில் வர வேண்டும். கார்பைடில் நல்ல அறிகுறி என்று சொன்ன அதே நீலம், எச்எஸ்எஸ்ஸில் அபாய விளக்கு. 600 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் எச்எஸ்எஸ் தன் கடினத்தை இழந்துவிடும். அதற்குப் பிறகு முனை வெட்டாது, தேய்க்கும். ஜாப்பின் மேல் ஒரு பளபளப்பான தேய்ப்பு வளையம் விழும், சத்தம் கீச்சென்று மாறும், பாஸின் ஆரம்பத்தைவிட முடிவில் விட்டம் பெரிதாக இருக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்து நல்ல பினிஷ் என்று ஏமாந்து போனவர்களில் நானும் ஒருவன்.

திருத்தம்: ஆர்பிஎம்மை ஒரு படி இறக்குங்கள், கூலண்ட் ஓடவிடுங்கள், முனையின் மழுங்கிய பகுதி முழுவதும் போகும் வரை மறுபடி கிரைண்டு செய்யுங்கள். மேலோட்டமாக ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு வைத்தால், கடினம் போன உலோகம்தான் மறுபடியும் முனையில் இருக்கும்.

வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் வேகத்தை ஏற்றுவதற்குக் கடைசியில் வாருங்கள். டூலின் ஆயுளை மிகக் குறைவாகத் தின்பது வெட்டு ஆழம், அடுத்தது ஃபீடு, மிக அதிகமாகத் தின்பது வேகம். ஆகவே ரஃப் கட்டில் முதலில் ஆழம், பிறகு ஃபீடு.

அறிகுறி: சுருள் முறியாமல் நீளநீளமாக வந்து ஜாப்பைச் சுற்றுகிறது

எம்எஸ் இழுபடும் என்று சொன்னோம். ஃபீடு 0.08, ஆழம் அரை மில்லி என்றால் சுருள் ரிப்பன் மாதிரி மெல்லிசாக இருக்கும். எவ்வளவு வளைத்தாலும் முறியாது. முதலில் தொட வேண்டியது ஃபீடு. 0.08-ல் இருந்து 0.2, 0.25 என்று ஏற்றுங்கள். சுருள் தடிக்கும், தடித்த சுருள் வளைவைத் தாங்காமல் 6 என்ற எண்ணின் வடிவத்தில் துண்டுகளாக உடையும். ஃபீடை ஏற்றப் பயப்படுவதுதான் பொதுவாகக் காணும் தவறு. மெல்லிய ஃபீடு மென்மையான வேலை என்ற எண்ணம்.

இன்சர்ட் போட்டிருந்தால் அதன் மேலுள்ள சிப் பிரேக்கர் பள்ளம் ஒரு குறிப்பிட்ட ஃபீடு, ஆழ வரம்புக்குள்தான் வேலை செய்யும். அந்த வரம்பை இன்சர்ட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ரஃப் கட்டுக்கான இன்சர்ட்டை வைத்து 0.3 மிமீ ஆழம் எடுத்தால் சுருள் அந்தப் பள்ளத்தைத் தொடாமலேயே போய்விடும். எச்எஸ்எஸ் என்றால் முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னப் படியை நீங்களே கிரைண்டு செய்துகொள்ளலாம்.

பினிஷ் பாஸில் ரிப்பன் வரத்தான் செய்யும், அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஃபீடை ஒரு நொடி நிறுத்தி எடுத்தால் சுருள் அறும், ஆனால் நிறுத்திய இடத்தில் பரப்பில் ஒரு வளையக் கோடு விழும். அதனால் நான் கொக்கிக் கம்பியால் சுருளை ஒரு பக்கமாக வழிநடத்துவேன். கையால் ஒருபோதும் இழுக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு இழுப்பது அதைவிட மோசம், சுருள் துணியில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சிக்கு விழுந்துவிட்டால் லேத்தை நிறுத்திவிட்டு எடுங்கள்.

அறிகுறி: பரப்பு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் மரை மாதிரி கோடுகள்

செதிலையும் இந்தக் கோட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செதில் ஒழுங்கில்லாமல் இருக்கும். இந்தக் கோடுகள் சம இடைவெளியில் இருக்கும். நகத்தை நீளவாக்கில் இழுத்தால் டிக்டிக்கென்று உணரலாம். இதற்கு வேகம் காரணம் இல்லை. ஃபீடும் டூல் முனையின் வளைவும் சேர்ந்து போடும் கோடு.

```
h = f² / (8 × r)
```

h கோட்டின் உயரம், f ஃபீடு, r முனை வளைவின் ஆரம். ஆரம் 0.4 மிமீ, ஃபீடு 0.25 என்றால் உயரம் 0.02 மிமீ, அதாவது 20 மைக்ரான். ஃபீடை 0.1-க்குக் குறைத்தால் 3 மைக்ரான். ஃபீடு இரண்டரை மடங்கு குறைந்தது, கோடு ஆறு மடங்குக்கு மேல் குறைந்தது. ஃபீடைக் குறைக்க மனமில்லை என்றால் 0.8 ஆரம் உள்ள முனையைப் போடலாம். உயரம் பாதியாகும், ஆனால் மெல்லிய ஜாப்பில் அதிர்வு கிளம்பும்.

ஃபீடை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 0.05-க்குக் கீழே போனால், குறிப்பாக முனை லேசாக உருட்டப்பட்ட இன்சர்ட்டில், டூல் வெட்டாமல் உரசிக்கொண்டு போகும். அளவு வராது, அடுத்த பாஸில் திடீரென்று இரண்டு பாஸின் ஆழத்தையும் சேர்த்து வெட்டிவிடும். கடைசி பாஸுக்கு 0.02, 0.03 என்று விட்டுவைப்பதும் இதே கதைதான். இன்சர்ட் என்றால் கால் மில்லியாவது விட்டுவையுங்கள்.

அறிகுறி: அதிர்வு, பரப்பில் அலை அலையாகக் குறி

வேகத்தைத் தொடும் முன் டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா, ஜாப்புக்கு மறுமுனையில் தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் ஆர்பிஎம்மை ஒரு படி இறக்கி, ஃபீடைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஃபீடைக் குறைத்தால் அதிர்வு அடங்கும் என்று நினைப்பது தவறு. மெல்லிய வெட்டில் டூல் துள்ளுவது அதிகமாகும். இறக்கும்போது கார்பைடு 60 மீட்டருக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதிர்வு போய் செதில் வந்து சேரும்.

அறிகுறி: வெட்டு ஆரம்பித்ததும் ஸ்பின்டில் திணறுகிறது, பெல்ட் நழுவுகிறது

எச்எஸ்எஸ்ஸில் இருந்து கார்பைடுக்கு மாறியவர்கள் அடுத்த நாளே சொல்லும் புகார் இது. வெட்டுக்குத் தேவைப்படும் திறன்:

```
P = V × a × f × 2000 / 60000
```

P கிலோவாட்டில், a வெட்டு ஆழம் மில்லிமீட்டரில். 2000 என்பது எம்எஸ்ஸுக்குத் தோராயமான வெட்டு எதிர்ப்பு. 3 மிமீ ஆழம், 0.3 ஃபீடு, எச்எஸ்எஸ்ஸின் 28 மீட்டர் வேகத்தில் 0.84 கிலோவாட் போதும். அதே ஆழத்தையும் ஃபீடையும் வைத்துக்கொண்டு 111 மீட்டருக்குப் போனால் 3.3 கிலோவாட் வேண்டும். மோட்டார் 1.5 கிலோவாட் என்றால் பெல்ட் நழுவாமல் என்ன செய்யும்? பெல்ட்டை இறுக்குவது தீர்வு இல்லை. வேகத்தை அப்படியே விட்டு, ஆழத்தை 1 மில்லிக்குக் குறையுங்கள், சுமார் 1.1 கிலோவாட்டுக்கு வந்துவிடும். வேகத்தைக் குறைத்து ஆழத்தைக் காப்பாற்ற நினைத்தால் 50 மீட்டர் பக்கம் வந்து நிற்பீர்கள். அந்த வேகத்தில் கார்பைடு முனையில் கட்டி உட்காரும், முனையைப் பெயர்த்துக்கொண்டும் போகும். ஆழமாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் ரஃப் கட்டை எச்எஸ்எஸ்ஸில் 220-லேயே முடித்துவிட்டு, கடைசி அரை மில்லிக்கு மட்டும் கார்பைடைப் போட்டு 910-க்கு ஏற்றுங்கள். சின்ன மோட்டார் லேத்தில் நான் இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.